எதிரியே இல்லாத சட்டம் எப்படி இளைத்துப்போனது

கேள்வி: பொது நிர்வாகம் படிக்கிறேன். கொள்கைச் செயலாக்கத்தை 'மேலிருந்து கீழ்', 'கீழிருந்து மேல்' என்று இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டில் எது சரி? நல்ல நோக்கத்தோடு, பணமும் ஒதுக்கிக் கொண்டுவருகிற திட்டங்கள்கூடக் களத்தில் ஏன் தோற்கின்றன?

பதில்:

பாடப்புத்தகங்களில் இரண்டையும் எதிரெதிர் அணிகளைப் போல நிறுத்திவைத்திருப்பார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. மேலே நிற்பவர், "நான் சொன்னது கீழே போய்ச் சேர்ந்ததா, சேராவிட்டால் எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்கிறார். கீழே நிற்பவர், "இங்கே வேலை செய்கிற ஆள் காலையிலிருந்து மாலை வரை என்னதான் செய்கிறார், அதில் இந்தச் சட்டத்துக்கு எங்கே இடம்?" என்று கேட்கிறார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது நல்ல திட்டம் ஏன் தோற்கிறது என்பதற்கு, இரண்டிலிருந்தும் பதில் வருகிறது. இரண்டும் ஒரே பதில் இல்லை.

மேலிருந்து பார்ப்பதில் தொடங்குகிறேன், அது எளிது. இந்தத் துறையே ஏறத்தாழ ஒரு திட்டத்தின் தோல்வியிலிருந்துதான் பிறந்தது. 1966 ஏப்ரலில் அமெரிக்க வணிகத் துறையின் கீழ் இருந்த பொருளாதார மேம்பாட்டு நிர்வாகம், கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் பொதுப்பணித் திட்டங்களை அறிவித்தது. விமான நிலையத்தில் ஒரு பெரிய பராமரிப்புக் கூடம், துறைமுகத்தில் ஒரு முனையம், தொழிற்பூங்கா, சாலை. இவற்றால் சுமார் 3,000 வேலைகள் உருவாகும், அவை நீண்ட நாள் வேலையில்லாதவர்களுக்கு, குறிப்பாகக் கறுப்பின மக்களுக்குப் போகும் என்பது கணக்கு. பணம் ஒதுக்கியாகிவிட்டது, மேயரும் ஆதரவு, தொழில் நிறுவனங்களும் ஆதரவு. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் செலவானது சுமார் 30 லட்சம் டாலர்தான். அதிலும் பெரும்பகுதி ஒரு மேம்பாலத்துக்கும் கட்டட வரைபடக் கட்டணத்துக்கும் போயிருந்தது. வேலைகளின் எண்ணிக்கை, சொல்லவே கூச்சப்படும் அளவில் இருந்தது.

ஜெஃப்ரி பிரஸ்மன், ஆரன் வில்டாவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்து 1973-இல் வெளியிட்டார்கள். வில்லனைத் தேடிப் போனவர்களுக்கு வில்லன் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பட்டியல்: திட்டம் முடிய 30 இடங்களில் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுகளுக்கு மொத்தம் 70 தனித்தனி ஒப்புதல்கள் தேவை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைக்க 95 சதவீத வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 14-ஆவது ஒப்புதலிலேயே மொத்த வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். 70-ஐத் தாண்டும்போது 3 சதவீதம்கூட மிஞ்சாது. ஒவ்வொன்றுக்கும் 99 சதவீதம் என்று வைத்தாலும் கடைசியில் காசு சுண்டிப் பார்க்கிற நிலைதான்.

இந்தக் கணக்கு எல்லாப் பாடத்திலும் வரும். ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எலினோர் போவன் 1982-இல் இதை மறுத்து எழுதினார். ஒப்புதல் தராத அதிகாரியிடம் நாம் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லையே, மறுபடியும் போவோம். ஒரு முறை கேட்டால் 80 சதவீதம் என்ற மோசமான வாய்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை கேட்கலாம் என்றால் அது 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். 70 ஒப்புதலுக்கும் சேர்த்துப் பார்த்தால் மொத்த வாய்ப்பு 57 சதவீதம். தவிர, முதல் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டபின் பதினொன்றாவது ஆள் மறுப்பது கடினம், ஒப்புதல்கள் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாதவை அல்ல. சரி, அப்படியென்றால் திட்டம் பிழைத்துவிடுமா? பிழைக்கும், ஆனால் அந்த மூன்று முறைக்கும் மாதங்கள் செலவாகும். அதற்குள் கட்டுமானச் செலவு ஏறும், ஆரம்பத்தில் ஆர்வத்தோடு தொடங்கிய அதிகாரி வேறு வேலைக்குப் போய்விடுவார், மீண்டும் ஒரு ஒப்புதல் தேவைப்படும். 'தோல்வி' என்று நாம் எழுதுகிற பலவற்றைத் தாமதம் என்று எழுதுவதே சரி.

ஓக்லாந்தில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒருவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பணம் கட்டடத்துக்குப் போனது. கட்டடம் வந்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் ஆள் எடுப்பார்கள், எடுக்கும்போது நாம் சொன்ன ஆட்களை எடுப்பார்கள் என்று ஒரு நீண்ட சங்கிலியை நம்பினார்கள். கட்டுமானத்துக்குப் பணம் கொடுத்தபின், "நீ சொன்னபடி ஆள் எடுக்கவில்லையே" என்று கேட்க அரசின் கையில் பிடி எதுவும் இல்லை. நேராகச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால், ஆள் எடுத்தால்தான் பணம் என்று ஆகியிருக்கும். ஆக, களத்தில் தோற்றது என்று சொல்வதில் ஒரு பகுதி, எழுதும்போதே தோற்றது.

மேலிருந்து பார்க்கும் பார்வை இதிலிருந்து எடுத்த முடிவுகள் புரியும்படியானவை. டேனியல் மஸ்மானியன், பால் சபாடியே போன்றவர்கள் நிபந்தனைகளை எழுதினார்கள்: நோக்கம் தெளிவாக இருக்கட்டும், காரண காரியம் சரியாக இருக்கட்டும், இடையில் மறுப்பதற்கான கதவுகள் குறையட்டும், திறமையும் ஈடுபாடும் உள்ளவர்களிடம் வேலை போகட்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது. உத்தரவு கடைசி ஆளின் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது, அவரும் அதை மனதார ஏற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன ஆகும்?

இதற்கு நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த சான்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1972-இல் நிறைவேறி 1974 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சிறப்புக் கல்விச் சட்டம். 766-ஆம் அத்தியாயம் என்று அதைச் சொல்வார்கள். அதற்கு முன்பு உடல், மனக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒரு முத்திரை குத்தித் தனி வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள், சில குழந்தைகள் பள்ளிக்கே வரவில்லை. புதிய சட்டம் முத்திரையை ஒழித்தது. சந்தேகம் எழுந்த ஒவ்வொரு குழந்தையையும் ஆசிரியர், உளவியலாளர், மருத்துவத் தரப்பு, சமூகப் பணியாளர் அடங்கிய ஒரு குழு தனித்தனியாக மதிப்பிட வேண்டும். பெற்றோர் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். அந்தக் குழந்தைக்கென்று ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். பெற்றோருக்குப் பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றுக்கும் கெடு.

யாரும் இதை எதிர்க்கவில்லை. சிறப்பு ஆசிரியர்கள் வரவேற்றார்கள், பலர் கூடுதல் நேரம் உழைத்தார்கள். ரிச்சர்ட் வெதர்லியும் மைக்கேல் லிப்ஸ்கியும் முதல் ஆண்டில் மூன்று பள்ளி நிர்வாகங்களில் நடந்ததைக் கவனித்து 1977-இல் எழுதினார்கள். அதில் மேலிடத்து உத்தரவை மீறியவர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தது அங்கே நடக்கவில்லை.

என்ன நடந்தது என்று புரிய ஒரு கணக்கு போடுகிறேன். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. பேச்சுப் பயிற்சி அளிப்பவர் ஒருவருக்கு வாரம் 30 மணி நேரம், ஆண்டுக்கு 36 வாரம், மொத்தம் 1,080 மணி. சட்டத்துக்கு முன் ஏறத்தாழ அத்தனையும் குழந்தைகளோடு போனது. இப்போது ஒரு மதிப்பீட்டுக்குச் சோதனை 4 மணி, அறிக்கை 2 மணி, கூட்டம் 2 மணி. ஆண்டுக்கு 60 குழந்தைகள் என்றால் 480 மணி. பயிற்சிக்கு மிஞ்சுவது 600. அதாவது சட்டத்தை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றினால், குழந்தைக்குக் கிடைக்கிற பயிற்சி பாதிக்கு அருகில் குறைகிறது. கூடுதல் ஆள் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் கெடுவைப் போல ஆட்கள் உத்தரவோடு வந்து இறங்கிவிடுவதில்லை. மாசசூசெட்ஸில் இதே திசையில்தான் நடந்தது. பயிற்சி அளிக்க வேண்டிய நிபுணர்களின் நேரத்தை மதிப்பீடு தின்றது.

நேரம் போதாத ஆள் என்ன செய்வார்? வேலையை விடமாட்டார், சட்டத்தையும் மீறமாட்டார். எங்கே சுருக்க முடியுமோ அங்கே சுருக்குவார். ஆசிரியர்கள் சிலர், படிவத்தின் நீளத்தைப் பார்த்து, குழந்தையைப் பரிந்துரைக்கவே தயங்கினார்கள். வேறு சிலர் வகுப்பில் தொந்தரவு கொடுக்கும் பிள்ளையை முதலில் அனுப்பினார்கள். அமைதியாக மூலையில் உட்கார்ந்து பின்தங்குகிற பிள்ளை காத்திருந்தது. முழு மதிப்பீட்டுக்குப் பதில் சுருக்கமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் உள்ளே வருவதற்கு முன்பே பணியாளர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகிற கூட்டங்கள் நடந்தன. பெற்றோர் வந்து உட்காரும்போது கலைச்சொற்களில் முடிவு வாசிக்கப்பட்டது, தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். குழந்தைக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எழுத வேண்டிய கல்வித் திட்டம், பள்ளியில் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து எழுதப்பட்டது. தனிப் பயிற்சி தேவைப்பட்ட இடத்தில் குழுப் பயிற்சி.

இதில் ஒன்றைக்கூடச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். லிப்ஸ்கி 1980-இல் இதை விரிவாக எழுதியபோது வைத்த வாதமும் இதுதான். ஆசிரியர், காவலர், நலத்துறைப் பணியாளர், கீழ்நிலை நீதிமன்றப் பணியாளர் என்று மக்களை நேருக்கு நேர் சந்திப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் பொது. எவ்வளவு செய்தாலும் கேட்பவர் கூட்டம் குறையாது, நன்றாகச் செய்தால் இன்னும் கூடும். நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதும், 'ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனி' என்பதும் 'எல்லோரையும் கெடுவுக்குள் முடி' என்பதும் ஒரே சுற்றறிக்கையில் வரும். மூன்றாவதாக, அவர் அறைக்குள் என்ன செய்கிறார் என்று மேலே இருப்பவரால் பார்க்க முடியாது, எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்க முடியும். இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் உருவாக்கிக்கொள்கிற வழக்கங்கள்தான் மக்கள் கையில் கிடைக்கிற கொள்கை. அரசிதழில் இருப்பது வேறொன்று.

மேலே இருப்பவர் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறார் என்பதால் ஒரு விபரீதம் நடக்கிறது. எண்ண முடிகிறவை சட்டப்படி நடக்கும்: இத்தனை படிவம், இத்தனை கூட்டம், இத்தனை நாளில். எண்ண முடியாதவை, அதாவது கூட்டத்தில் பெற்றோர் பேசினாரா, திட்டம் அந்தக் குழந்தைக்காக எழுதப்பட்டதா என்பவை, தேயும். ஆண்டறிக்கையில் திட்டம் வெற்றி என்றே வரும். நான் சில ஆண்டுகள் திட்ட மதிப்பீட்டு வேலையில் இருந்தவன். ஒரு பொது அமைப்பின் பதிவேட்டை வெகு நேரம் புரட்டிவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று நிறைவாக எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான், நூற்றுக்கும் மேற்பட்ட தனிநபர் திட்டங்களில் மூன்றே மூன்று வகை வாசகங்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு பதிவேட்டைப் படிக்கும் விதமே மாறிவிட்டது.

இப்போது நான் தேடுகிற அடையாளங்கள் சிலவே. தனித்தனியாக எழுத வேண்டியது ஒரே நடையில் இருக்கிறதா? மறுக்க உரிமை உள்ளவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லையா? அப்படியென்றால் கேட்பது சடங்காகிவிட்டது என்று சந்தேகிப்பேன். தேவை என்று எழுதப்பட்டவை, கையில் இருக்கும் சேவைகளோடு கச்சிதமாகப் பொருந்துகின்றனவா? நிஜமான தேவை அவ்வளவு கச்சிதமாக வராது. எல்லாவற்றுக்கும் மேல், களப்பணியாளரிடம் "புதிய திட்டத்தில் என்ன செய்கிறீர்கள்" என்று கேட்காமல், "இது வந்ததிலிருந்து எதைச் செய்வதை நிறுத்தினீர்கள்" என்று கேட்பேன். முதல் கேள்விக்குச் சுற்றறிக்கை பதிலாக வரும். இரண்டாவதற்குச் சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள்.

கீழிருந்து பார்க்கும் பார்வை இந்த நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்கவில்லை. ரிச்சர்ட் எல்மோர் 1980 வாக்கில் ஒரு வழி சொன்னார், பின்னோக்கி வரைதல் என்று அதைச் சொல்லலாம். சட்டத்தின் நோக்கத்தில் தொடங்காதே, கடைசிப் புள்ளியில் தொடங்கு என்றார். மாசசூசெட்ஸுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கடைசிப் புள்ளியில் மாற வேண்டியது என்ன? பேசத் திணறும் குழந்தைக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் பொருத்தமான பயிற்சி. அதற்கு அந்தப் பள்ளியில் என்ன இருக்க வேண்டும்? பயிற்சியாளரின் நேரம், குழந்தையை அடையாளம் காணத் தெரிந்த வகுப்பாசிரியர். அந்த நேரத்தைக் காக்கப் பள்ளி நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்? எல்லாக் குழந்தைக்கும் முழு மதிப்பீடு தேவையா, எளிய சிக்கலுக்குச் சிறு மதிப்பீடு போதாதா என்று தீர்மானிக்கும் உரிமை வேண்டும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில்தான் மாநிலம் என்ன எழுத வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இப்படி எழுதியிருந்தால், பணியாளர்கள் ஒளித்துச் செய்த சுருக்கு வழி சட்டத்திலேயே திறந்த வழியாக இருந்திருக்கும், அதற்கு வரம்பும் இருந்திருக்கும்.

இவ்வளவு சொன்னதால் நான் கீழிருந்து பார்ப்பவர்கள் கட்சி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பார்வைக்கு ஒரு பெரிய பள்ளம் உண்டு. கீழே இருப்பவரின் விவேகத்தை நம்பு என்கிறார்கள். கீழே இருப்பவரே அநியாயத்தின் பக்கம் நின்றால்? 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்றது. பத்து ஆண்டு ஆகியும், கூட்டமைப்பிலிருந்து ஒரு காலத்தில் பிரிந்துபோன தென் மாநிலங்களில், வெள்ளையரோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். உள்ளூர்ப் பள்ளி வாரியங்களின் 'கள யதார்த்தம்' அதுதான். நிலைமையை மாற்றியது மேலிருந்து வந்த அழுத்தம். பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் பணத்தை நிறுத்தலாம் என்று 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் சொன்னது, 1965-இல் பள்ளிகளுக்கு வந்த பெரிய நிதி அந்த மிரட்டலுக்குப் பல் கொடுத்தது, நீதிமன்றங்களும் இறுக்கின. 1970-இல் தென் மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெள்ளையர் பெரும்பான்மைப் பள்ளிகளில் இருந்தார்கள். அந்த ஊர்களில் போய்ப் பின்னோக்கி வரைந்திருந்தால் எங்கே போய் நின்றிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே எது சரி என்ற உங்கள் முதல் கேள்விக்கு, எந்த வகைக் கொள்கை என்று திருப்பிக் கேட்பதே நேர்மையான பதில். ரிச்சர்ட் மாட்லண்ட் 1995-இல் இதற்கு இரண்டு அளவுகோல் கொடுத்தார்: என்ன செய்ய வேண்டும் என்பதில் எவ்வளவு தெளிவின்மை, அதைச் செய்வதில் எவ்வளவு மோதல். பிரிவினை ஒழிப்பு தெளிவானது, ஆனால் மோதல் கடுமை. அங்கே அதிகாரம் தேவை, மேலிருந்து பார். மாசசூசெட்ஸ் சட்டத்தில் மோதல் குறைவு, ஆனால் 'பொருத்தமான கல்வி' என்றால் என்ன என்று எழுதியவருக்கே முழுதாகத் தெரியாது. அங்கே கீழிருந்து பார், முதல் இரண்டு ஆண்டைச் சோதனை என்றே வைத்துக்கொள். இரண்டும் அதிகமாக இருக்கும் கொள்கை பெரும்பாலும் அறிவிப்பாகவே நின்றுவிடும், அல்லது ஒவ்வொரு ஊரிலும் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் சொன்னபடி நடக்கும்.

இரண்டும் குறைவாக இருக்கும் எளிய வகைக்கு மாட்லண்ட் தந்த உதாரணம் பெரியம்மை ஒழிப்பு. நோக்கம் தெளிவு, எதிர்ப்பும் சொற்பம், மேலிருந்து நடத்தினால் போதும் என்பது அவர் வாதம். தேர்வில் இதையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். எனக்கு மட்டும் இதில் ஒரு முரண்டு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தீவிரத் திட்டம் 1967-இல் தொடங்கியபோது, மக்கள்தொகையில் 80 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி என்பதுதான் மேலிருந்து வந்த இலக்கு. அதற்குச் சற்று முன், 1966 டிசம்பரில், கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபோகி என்ற மருத்துவரின் குழுவிடம் ஊருக்கெல்லாம் போடத் தடுப்பூசி இல்லை. இருந்ததை வைத்து, நோய் எங்கே இருக்கிறது என்று தேடி, நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கும் நோய் அடுத்துப் பரவக்கூடிய இடங்களுக்கும் மட்டும் போட்டார்கள். பரவல் நின்றது. பற்றாக்குறையில் பிறந்த அந்தச் சுருக்கு வழி பின்பு மற்ற நாடுகளிலும் திட்டத்தின் மைய முறையாக ஆனது. இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவில் பதிவானது.

பள்ளிப் பணியாளர்களும் நைஜீரியக் குழுவும் செய்தது ஒரே மாதிரியான காரியம்தான், கையில் இருப்பது போதாததால் உத்தரவைச் சுருக்கினார்கள். ஃபோகி குழுவால் அதை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது, மேலே இருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. பள்ளிகளில் படிவத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.